ஆறு, ஆற்றில்: இரண்டில் பழைய ஒலி எது? நான்கு முடிவுகளின் ஒப்பீடு

ஒரு மொழியின் பழைய ஒலியமைப்பை அந்த மொழியை மட்டும் வைத்துக்கொண்டு ஊகிக்கும் முறையை அகநிலை மீட்டுருவாக்கம் என்பார்கள். அதன் அடிப்படை எளியது. ஒரே பொருளுடைய ஒரு சொல்லுறுப்பு இடத்துக்கு இடம் இரண்டு உருவில் வருமானால், முன்பு அது ஒரே உருவில் இருந்தது என்றும், அண்டை ஒலிகளின் செல்வாக்கால் பின்னர் இரண்டாகப் பிரிந்தது என்றும் கொள்கிறோம். பாடநூல்கள் இதை ஒரு பக்கத்தில் சொல்லி முடித்துவிடுகின்றன. மாணவர்களும், தம் ஊர்ப் பேச்சைப் பதிவு செய்பவர்களும் திகைத்து நிற்பது அதற்கு அடுத்த படியில்தான். இரண்டு உருவங்கள் கையில் இருக்கின்றன. இவற்றுள் பழையது எது?

விடையாக நான்கு முடிவுகள் சாத்தியம். முதல் உருவமே பழையது என்னலாம். இரண்டாவதே பழையது என்னலாம். இரண்டும் அல்லாத மூன்றாம் ஒலி ஒன்று இருந்தது என்னலாம். அல்லது இந்த மாற்றத்திலிருந்து எந்தப் பழைய வடிவத்தையும் ஊகிக்கக் கூடாது என்று விலகலாம். இந்த நான்கையும் தமிழிலேயே கிடைக்கும் ஒரு மாற்றத்தை வைத்து எடைபோட்டுப் பார்ப்போம். சோறு என்பது வேற்றுமை உருபு ஏற்கும்போது சோற்றை ஆகிறது. ஆறு ஆற்றில் ஆகிறது. வயிறு, கிணறு, சேறு ஆகியவையும் அப்படியே. உயிர்களுக்கு நடுவே தனித்து வரும் றகரத்தை இன்று நாக்கு நுனி அதிரும் ஆடொலியாகவோ, ரகரத்திலிருந்து பிரித்தறிய முடியாத ஒலியாகவோ உச்சரிக்கிறோம். இரட்டித்து வரும் ற்ற என்பதிலோ காற்று ஒரு கணம் முற்றிலும் அடைபட்டு வெடிக்கிறது. ஒரே எழுத்து இரண்டு வகை ஒலியாக நிற்கிறது. இவற்றுள் எது மூலம்?

## எடைபோடும் அளவுகோல்கள்

முதல் அளவுகோல் முன்கணிப்பு. 'அ' மூலம் என்று வைத்துக்கொண்டால், எந்தச் சொல்லில் எப்போது 'ஆ' வரும் என்பதைச் சூழலை மட்டும் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். சொற்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்தால்தான் முடியும் என்றால் அந்தத் திசை தவறாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, மாற்றத்தின் இயல்பு. நாம் கற்பனை செய்யும் ஒலிமாற்றம் நாக்குக்கும் காதுக்கும் பொருந்துவதாகவும் பிற மொழிகளில் காணப்படுவதாகவும் இருக்க வேண்டும். மூன்றாவது, ஒலியமைப்பில் இடம். ஊகித்த ஒலி தனித்து நிற்கிறதா, அல்லது அம்மொழியின் மற்ற ஒலிகளோடு ஓர் ஒழுங்கில் உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, விலை. ஒவ்வொரு முடிவும் சில விதிவிலக்குகளை நம் தலையில் கட்டும். அவற்றைத் தனித்தனியே விளக்கும் பொறுப்பை முடிவெடுக்கும்போதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவற்றுள் முதலாவதுதான் வலிமையானது. அது விடை தந்துவிட்டால் மற்றவற்றை அதற்கு எதிராக நிறுத்தக் கூடாது. ஆனால் அது எப்போதும் விடை தருவதில்லை. எழுத்துத் தமிழின் றகரத்தில் அது கைவிரிக்கிறது. தனித்த றகரம் உயிர்களுக்கு நடுவில் மட்டும் ஆடொலி, இரட்டித்தால் மட்டும் வெடிப்பொலி என்பதால் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் மறுபக்கத்தைக் கணித்துவிடலாம். ஆகவே இங்கே இரண்டாம், மூன்றாம் அளவுகோல்களே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

## முதல் முடிவு: ஆடொலியே பழையது

இதன் கவர்ச்சி வெளிப்படையானது. சோறு, ஆறு என்று தனிச்சொல்லாக வரும் வடிவம், அகராதியில் நிற்கும் வடிவம், காதில் அதிகம் விழும் வடிவம் அதுவே. இந்த முடிவின்படி, முற்காலத்தில் தமிழில் இரண்டு ரகர வகை ஒலிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று இரட்டிக்கும்போது வெடிப்பொலியாக மாறியது.

இதற்கு நாம் கொடுக்கும் விலையைப் பார்ப்போம். ரகரம் சொல்லின் ஈற்றில் தாராளமாக நிற்கிறது: நீர், தேர், கார், ஊர். றகரம் ஒருபோதும் ஈற்றில் நிற்பதில்லை; எப்போதும் ஒரு குற்றியலுகரத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறது. இப்படிக் குற்றியலுகரம் வேண்டி நிற்பவை நாகு, காசு, நாடு, காது, மார்பு போன்ற சொற்களில் வரும் வல்லின ஒலிகள் மட்டுமே. றகரம் ஓர் ஆடொலியாகவே பிறந்திருந்தால், அது ஏன் ரகரத்தின் சகோதரனைப் போல நடக்காமல் டகரத்தின் சகோதரனைப் போல நடக்கிறது என்பதற்கு இந்த முடிவிடம் பதில் இல்லை.

இரண்டாவது விலை இன்னும் கடுமையானது. கல் என்னும் வினையோடு இறந்தகால உருபு சேர்ந்தால் கற்றான். அந்த உருபு படித்தான் என்பதில் த்த் என்று நிற்கிறது. லகரத்தில் ஆடுதல் இல்லை, தகரத்திலும் ஆடுதல் இல்லை. இரண்டும் சேர்ந்து எப்படி ஓர் ஆடொலியைப் பெற்றெடுக்கும்?

ஆயினும், உயிர்களுக்கு நடுவில் கேட்கும் வடிவமே பழையது என்ற முடிவு எல்லா மொழிகளிலும் தோற்பதல்ல. ஜெர்மன் மொழியில் சக்கரத்தைக் குறிக்கும் சொல்லும் அறிவுரையைக் குறிக்கும் சொல்லும் தனியே சொல்லும்போது ஒரே மாதிரி 'ராட்' என்று ஒலிக்கும். உருபு சேர்ந்து உயிர் பின்வந்தால், சக்கரத்தில் குரல்நாண் அதிரும் ஒலிப்புடைய டகரமும் அறிவுரையில் அது அதிராத ஒலிப்பற்ற டகரமும் தனித்தனியே கேட்கும். ஈற்று வடிவத்தை மூலமாக வைத்தால் எந்தச் சொல் எதைப் பெறும் என்று கணிக்க வழியில்லை. நடு வடிவத்தை மூலமாக வைத்தால், ஈற்றில் ஒலிப்பு இழக்கும் என்ற ஒரே விதி போதும். வேறுபாடு எங்கே பிழைத்திருக்கிறதோ அங்கே நிற்கும் வடிவமே பழையது. ஜெர்மனில் அது உயிர்களுக்கு நடுவே பிழைத்திருப்பதால் இந்த முடிவு அங்கே சரியாகிறது.

## இரண்டாம் முடிவு: வெடிப்பொலியே பழையது

இதன்படி றகரம் ஒரு வெடிப்பொலியாக, மேற்பல் வரிசைக்குச் சற்றுப் பின்னுள்ள மேட்டில் நாநுனி ஒட்டிப் பிறந்த ஒலியாக இருந்தது. உயிர்களுக்கு நடுவே தனித்து நின்றபோது தளர்ந்து ஆடொலி ஆயிற்று. இரட்டித்தபோது தளராமல் நின்றது.

மாற்றத்தின் இயல்பு என்ற அளவுகோலில் இது எளிதாகத் தேறுகிறது. தமிழ் வல்லின எழுத்துகள் எல்லாமே இப்படித்தான் நடந்துகொள்கின்றன. பக்கம் என்பதில் அழுத்தமாக ஒலிக்கும் ககரம் பகல் என்பதில் மெலிகிறது. பட்டு, படு என்பவற்றிலும், பத்து, பதி என்பவற்றிலும் அதே வேறுபாடு கேட்கிறது. ற்ற, ற என்ற இணை இந்த வரிசையில் இன்னொன்றாகச் சேர்கிறது. வெளியிலும் சான்று உண்டு: அமெரிக்க ஆங்கிலம் பேசுவோர் தண்ணீரைக் குறிக்கும் 'வாட்டர்' என்ற சொல்லைச் சொல்லும்போது நடுவிலுள்ள டகரம் ஒரு ரகரச் சாயல் கொண்ட தட்டலாகச் சுருங்கிவிடுகிறது.

ஒலியமைப்பில் இடம் என்ற அளவுகோலில்தான் இந்த முடிவு தன் முழு வலிமையைக் காட்டுகிறது. இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கேள் என்பது கேட்டான் ஆகிறது. ளகரத்தின் இடமும் தகரத்தின் வெடிப்பும் சேர்ந்து ட்ட் உருவாகியிருக்கிறது. அதே கணக்கில் கல் என்பது கற்றான் ஆகிறது; லகரத்தின் இடமும் தகரத்தின் வெடிப்பும் சேர்ந்தால் கிடைக்க வேண்டியது, லகரம் பிறக்கும் இடத்தில் ஒரு வெடிப்பொலி. உண் என்பது உண்டான் ஆவதைப் போலத் தின் என்பது தின்றான் ஆகிறது. கொள், கொண்டான் என்பதைப் போல நில், நின்றான். வினையை விட்டுச் சொற்புணர்ச்சிக்கு வந்தாலும் இதே விகிதம்தான்: மண் என்பதோடு குடம் சேர்ந்தால் மட்குடம், பொன் என்பதோடு சேர்ந்தால் பொற்குடம், முள் முட்செடி ஆகிறது, கல் கற்சிலை ஆகிறது. பெயர்ச்சொற்களில் நாடு நாட்டில் ஆவதும் ஆறு ஆற்றில் ஆவதும் ஒரே விதி. தன்வினை, பிறவினை இணைகளிலும் ஓடு, ஓட்டு; ஆடு, ஆட்டு என்பவற்றுக்கு அருகிலேயே மாறு, மாற்று; ஏறு, ஏற்று நிற்கின்றன.

டகரத்துக்கு ணகரமும் ளகரமும் எப்படியோ, அப்படியே றகரத்துக்கு னகரமும் லகரமும் அமைகின்றன. ட, ண, ள மூன்றும் ஓரிடத்தில் பிறப்பவை. ற, ன, ல மூன்றும் இன்னோரிடத்தில் பிறப்பவை. றகரத்தை வெடிப்பொலியாகக் கொண்ட உடனே நான்கு வேறு இலக்கணப் பகுதிகளில் சிதறிக்கிடந்த மாற்றங்கள் ஒரே கூற்றுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு மாற்றத்துக்காகச் செய்த ஊகம் அதற்குத் தொடர்பில்லாத மற்ற மாற்றங்களையும் விளக்குமானால், அந்த ஊகத்தை நம்பலாம்.

இந்த முடிவுக்கும் மறைவான விலை உண்டு. பல்லில் பிறக்கும் தகரம், பின்மேட்டில் பிறக்கும் றகரம், நா மடிந்து பிறக்கும் டகரம் என்று மூன்று முன்நா வெடிப்பொலிகளை ஒரே மொழிக்குள் வைக்க வேண்டியிருக்கிறது. உலக மொழிகளில் இது அரிது. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகள் பலவற்றில் இத்தகைய செறிவு உண்டு என்பதால் முடியாதது அன்று, அவ்வளவே. இன்னொரு விலை: காது என்பது காதில் என்றே நிற்கிறது, காத்தில் ஆவதில்லை. றகரமும் டகரமும் மட்டும் இரட்டிக்க, தகரம் ஏன் இரட்டிக்கவில்லை என்ற கேள்வி எஞ்சுகிறது. எருது என்பது எருத்துக்கோடு என்று வரும் பழைய வழக்கு, ஒரு காலத்தில் இவ்விதி இன்னும் அகலமாக இருந்திருக்கலாம் என்று காட்டினாலும், கேள்வி முழுதாகத் தீர்ந்துவிடவில்லை.

## மூன்றாம் முடிவு: இரண்டும் அல்லாத ஒன்று

எழுத்துத் தமிழை வைத்துக்கொண்டு இந்த முடிவை எடுப்பது வீண் செலவு. வெடிப்பொலி என்று வைத்தாலே எல்லாம் பொருந்தும்போது, உரசொலி ஒன்றையோ வேறு கலப்பொலியையோ கற்பனை செய்ய எந்தச் சான்றும் நம்மை நெருக்கவில்லை. கையில் உள்ள உருவங்களுள் ஒன்றே போதுமானால் புதிதாக ஒன்றைப் படைக்கக் கூடாது என்பது இத்துறையின் சிக்கன விதி.

ஆனால் எழுத்தை மறந்துவிட்டுப் பேச்சுத் தமிழை மட்டும் எடுத்துக்கொள்வோம். நாஞ்சில் நாடு போன்ற பகுதிகளில் ரகர, றகர வேறுபாட்டைக் காப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை விட்டு, இரண்டையும் ஒன்றாகவே ஒலிக்கும் ஒருவரின் பேச்சைக் கேட்போம். அவர் சொல்லும் ஊரு, ஊருல, தேரு, தேருல என்பவற்றில் மாற்றம் இல்லை. ஆறு, ஆத்துல, சோறு, சோத்துல, வயிறு, வயித்துல என்பவற்றில் மாற்றம் இருக்கிறது. ஊரு, ஆறு இரண்டிலும் ஒலிப்பது ஒரே ரகரம். எனவே ரகரத்தை மூலமாக வைத்தால் எது த்த் பெறும், எது பெறாது என்று கணிக்க முடியாது. சரி, த்த் என்பதை மூலமாக வைக்கலாமா? தகரம் தனித்து நின்றால் ரகரமாகத் தளர்ந்தது என்று சொன்னால், காது, காதுல என்று மாறாமல் நிற்கும் தகரம் குறுக்கே வருகிறது. அது ஏன் காரு ஆகவில்லை? முதல் அளவுகோலில் இரண்டு திசைகளும் ஒருசேரத் தோற்கின்றன.

எஞ்சுவது ஒரே வழி. ரகரமும் அல்லாத, தகரமும் அல்லாத ஒரு மூன்றாம் ஒலி இருந்தது. அது தனித்து நின்ற இடத்தில் ரகரத்தோடும், இரட்டித்த இடத்தில் தகரத்தோடும் கலந்துவிட்டது. நாடு, நாட்டுல என்ற இணையும் கேட்டான், வித்தான் என்ற இணையும் அந்த மூன்றாவது ஒலி ஒரு வெடிப்பொலி என்றும், பல்லுக்கும் டகரத்துக்கும் இடைப்பட்ட இடத்தில் பிறந்தது என்றும் காட்டும். எழுதப்படாத ஒரு மொழியாகத் தமிழைச் சந்திக்கும் வெளியார் ஒருவரும் இந்த வழியில் றகரத்தைக் கண்டுபிடித்துவிடுவார். எழுத்து இல்லாமலே எழுத்தைச் சென்றடைவது இந்த முறையின் பெருமை என்று எனக்குத் தோன்றும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மரம் என்பது மரத்துல ஆகிறது. அங்கே வரும் த்து மூல ஒலியின் மாற்றம் அன்று, அத்துச் சாரியை. சோத்துல என்பதையும் அதே கணக்கில் சேர்த்து, 'சோ' என்ற அடியோடு சாரியை வந்தது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. பிழையை அறிய வினைகளுக்குப் போக வேண்டும். மாறு, மாத்து, ஏறு, ஏத்து, விக்கிறான், வித்தான் என்பவற்றில் சாரியைக்கு இடமே இல்லை. சாரியை வர முடியாத இடத்திலும் அதே த்த் கேட்பதால், இது ஒலியின் கதை என்று உறுதியாகிறது. ஒரு மாற்றத்தை ஒரே சொல்வகையில் மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் இந்த முறையில் மிகுதியாக நிகழும் தவறு.

மூன்றாம் முடிவின் விலை, ஊகித்த ஒலி எங்கும் கேட்காததால் சரிபார்க்கும் வரை அது கணக்கில் வரும் ஒரு குறியாகவே இருக்கும் என்பது. சுவிஸ் மொழியியலாளர் பெர்டினான்ட் டி சொசூர் 1879 ஆம் ஆண்டிட்ட தம் நூலில், இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் உயிர் மாற்றங்களை விளக்க, எந்த மொழியிலும் அதுவரை காணாத ஒலிகளை முன்வைத்தார். பலர் அதை ஏற்கவில்லை. அவர் மறைந்தபின் வாசிக்கப்பட்ட, அதே குடும்பத்தைச் சேர்ந்த பழைய ஹிட்டைட் மொழியில், அவர் காட்டிய இடங்கள் சிலவற்றில் ஒரு மெய்யொலி எழுத்திலேயே நிற்பதை 1927 இல் போலந்து மொழியியலாளர் குரிலோவிச் எடுத்துக்காட்டினார். இத்தகைய நல்லூழ் எல்லா ஊகங்களுக்கும் வாய்ப்பதில்லை.

## நான்காம் முடிவு: எதையும் ஊகிக்காமல் விடுதல்

இதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. சில மாற்றங்களுக்கு இதுவே சரியான விடை. வேதம், வைதிகம், லோகம், லௌகிகம் என்ற இணைகளைப் பாருங்கள். ஏகாரமும் ஐகாரமும், ஓகாரமும் ஔகாரமும் ஒழுங்காக மாறி வருகின்றன. முதல் அளவுகோலில் இது அழகாகத் தேறும். ஆனால் இதை வைத்துத் தமிழில் ஏகாரம் ஒரு காலத்தில் ஐகாரமாக மாறியது என்று எழுதினால் அது பொய்யாகும். மாற்றம் நிகழ்ந்தது வடமொழியில். தமிழ் இரண்டு சொற்களையும் தனித்தனியே கடன் வாங்கியது. ஆங்கிலத்தில் 'எலக்ட்ரிக்' என்பதன் ககரம் 'எலக்ட்ரிசிட்டி' என்பதில் சகரமாக ஒலிப்பதும் இதே வகை. அந்த ஒலிமாற்றத்தின் வரலாறு லத்தீன், பிரெஞ்சு மொழிகளுக்கு உரியது.

கடன்பட்ட மாற்றத்தை இனங்காண ஒரு வழி உண்டு. அது அன்றாட வினைகளிலும், உறவு, உடல், உணவு குறித்த சொற்களிலும் நுழைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். றகர மாற்றம் சோறு, வயிறு, நில், தின் என்று மொழியின் அடிமடியில் இருக்கிறது. வேதம், வைதிகம் வகையோ புலமைச் சொற்களோடு நின்றுவிடுகிறது. ஒரே ஓர் இணை மட்டும் கிடைக்கும்போதும் விலகியே நிற்க வேண்டும். ஓர் இணைக்கு எந்தத் திசையிலும் கதை எழுதலாம்.

## நான்கையும் அருகருகே

| முடிவு | முன்கணிப்பு | மாற்றத்தின் இயல்பு | ஒலியமைப்பில் இடம் | மறைவான விலை | எப்போது ஏற்கலாம் |
|---|---|---|---|---|---|
| ஆடொலி பழையது | எழுத்துத் தமிழில் முடியும் | ஆடொலி இரட்டித்து வெடிப்பதற்கு விளக்கம் தேவை | ரகரத்தோடும் சேரவில்லை | கற்றான், ஈற்றில் வராமை | ஜெர்மன்போல் நடுவிடத்தில் வேறுபாடு பிழைத்திருந்தால் |
| வெடிப்பொலி பழையது | எழுத்துத் தமிழில் முடியும் | எளிய தளர்ச்சி | ற, ன, ல வரிசை முழுமையாகிறது | மூன்று முன்நா வெடிப்பொலிகள். காது இரட்டிக்காமை | பல மாற்றங்கள் ஒரே ஊகத்தில் அடங்கினால் |
| மூன்றாம் ஒலி | பேச்சுத் தமிழில் இது மட்டுமே முடியும் | தளர்ச்சியும் கலப்பும் | மேற்படி வரிசையே | ஒலி நேரில் கேட்பதில்லை | இரு திசையும் முன்கணிப்பில் தோற்றால் |
| ஊகிக்காமை | பொருந்தாது | பொருந்தாது | பொருந்தாது | உண்மை வரலாறு தவறிப்போகலாம் | கடன்சொற்கள், தனி இணைகள் |

இரண்டாம், மூன்றாம் முடிவுகள் றகரத்தைப் பொறுத்தவரை ஒன்றோடொன்று மோதவில்லை. எழுத்துத் தமிழ் வெடிப்பொலியை இன்னும் ஓரிடத்தில் வைத்திருப்பதால் அங்கே இரண்டாம் முடிவு. பேச்சுத் தமிழ் அதை எல்லா இடத்திலும் இழந்துவிட்டதால் அங்கே மூன்றாம் முடிவு. இரண்டும் சென்று சேரும் ஒலி ஒன்றே.

## வெளிச்சான்றோடு உரசிப் பார்த்தல்

அகநிலையில் எடுத்த முடிவை, வெளியிலிருந்து வரும் சான்று பிறகு சோதிக்க வேண்டும். முடிவெடுக்கும்போதே அதைக் கலந்துவிட்டால் சோதனைக்கு எதுவும் மிஞ்சாது. றகரத்துக்கு வெளிச்சான்றுகள் வளமாக இருக்கின்றன. தொல்காப்பியம் றகரத்தை யரலவழள என்ற இடையினத்தில் சேர்க்கவில்லை. கசடதபற என்று வல்லினத்தில் வைக்கிறது. பிறப்பியலில் இன்னும் நுட்பமாக, றகர னகரங்கள் நாநுனி அண்ணத்தை 'ஒற்ற'ப் பிறக்கும் என்றும், ரகர ழகரங்கள் 'வருட'ப் பிறக்கும் என்றும் பிரிக்கிறது. நாக்கு ஒட்டி அடைப்பதும் தடவிச் செல்வதும் வேறு வேறு என்று கேட்டு எழுதிய ஒருவரின் சாட்சி இது.

ஈழத் தமிழர் இன்றும் லீற்றர், மீற்றர் என்று எழுதுவது அடுத்த சான்று. ஆங்கிலத்தின் பின்மேட்டு டகரத்துக்கு அவர்கள் காதில் பொருந்தும் எழுத்து ற்ற தான். மலையாளத்தில் காற்று என்பதன் நடுவொலி இப்போதும் தெளிவான வெடிப்பொலி. துளு மொழியில் எண்ணுப்பெயர் ஆறு 'ஆஜி' என்றும் மூன்று 'மூஜி' என்றும் வருகின்றன. வெடிப்பொலி ஒன்று ஜகரமாகத் திரிவது இயல்பு, ஆடொலியிலிருந்து அங்கே போவது சுற்றுவழி.

ஒப்பிட்டுப் பார்க்க லத்தீனை எடுத்துக்கொள்ளலாம். எலி 'மூஸ்', எலியின் 'மூரிஸ்'. திருடன் 'ஃபூர்', திருடனின் 'ஃபூரிஸ்'. ரகரத்தை மூலமாக வைத்தால் திருடன் ஏன் 'ஃபூஸ்' ஆகவில்லை என்று சொல்ல முடியாது. எலிக்கு ஸகரம், திருடனுக்கு ரகரம் என்று வைத்து, உயிர்களுக்கு நடுவே ஸகரம் ரகரமாயிற்று என்றால் இரண்டும் சரியாக வரும். ஆக, தமிழில் கைவிரித்த முதல் அளவுகோல் லத்தீனில் ஒரே வீச்சில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் கடிதம் ஒன்றும் இதற்கு ஒத்துப்போகிறது: பபிரியுஸ் குடியினர் முன்பு பபிசியுஸ் என்றே அழைக்கப்பட்டார்கள் என்கிறார் அவர். உயிர்களுக்கு நடுவே ஸகரம் மாறாமல் நிற்கும் 'காவுசா' போன்ற சொற்கள் விதிக்கு எதிராகத் தோன்றலாம். அது முன்பு இரட்டை ஸகரத்தோடு எழுதப்பட்டது என்பதை ரோமானியச் சொற்கலை ஆசிரியர் குவின்டிலியன் பதிவு செய்திருப்பதால், அந்த விதிவிலக்கும் கரைந்துவிடுகிறது.

ஆனால் லத்தீனே ஓர் ஆபத்தையும் காட்டுகிறது. மதிப்பு என்ற பொருளுடைய 'ஹொனோஸ்' என்ற சொல், 'ஹொனோரிஸ்' போன்ற உருபேற்ற வடிவங்களின் ஒப்புமையால் பிற்காலத்தில் 'ஹொனோர்' ஆகிவிட்டது. ஓரசைச் சொற்கள் தப்பிப் பிழைத்ததால் நமக்கு மூஸ் கிடைத்தது. எல்லாச் சொற்களும் ஹொனோர் வழியில் போயிருந்தால் மாற்றமே மறைந்திருக்கும், மீட்டெடுக்க எதுவும் எஞ்சியிருக்காது.

## எந்த முடிவும் உதவாத இடம்

அகநிலை முறை மாற்று வடிவங்களைத் தின்று வாழ்வது. மாற்று வடிவம் இல்லாத இடத்தில் ஒலிமாற்றம் எவ்வளவு பெரிதாக நிகழ்ந்திருந்தாலும் அதற்குக் கண் தெரியாது. தமிழில் சேரி என்பதற்குக் கன்னடத்தில் கேரி; செவி என்பதற்கு கிவி. சொல்லின் முதலில் இகர, எகர வகை உயிர்களுக்கு முன் வந்த ககரம் தமிழில் சகரமாகிவிட்டது. அடிச்சொல்லின் முதல் உயிர் தமிழில் உருபேற்கும்போது பொதுவாக மாறுவதில்லை; சேரி எந்த உருபு ஏற்றாலும் சேரிதான். ககரம் தப்பிப் பிழைக்கும் சூழல் அந்தச் சொல்லுக்குள் ஒருபோதும் வாய்ப்பதில்லை.

ஒரு மெல்லிய தடயம் மட்டும் உண்டு. கெடு, கேள், கிளி, கிழங்கு, கிணறு என்று ககரம் மாறாமல் நிற்கும் சொற்கள் பலவற்றில் அடுத்து வருவது ட, ள, ழ, ண போன்ற நாமடி ஒலி. நாமடி ஒலி பின்வந்த இடத்தில் மாற்றம் தடைப்பட்டது என்று இதிலிருந்து ஐயப்படலாம். கீரை, கீரி போன்றவை அந்த ஐயத்தைக் கலைக்க முயலும். அவற்றைத் தமிழை மட்டும் வைத்து ஒதுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது. இங்கே நான்கு முடிவுகளுள் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. தமிழ்ச் சொற்களின் பட்டியலுக்கு அருகில் கன்னடச் சொற்களின் பட்டியலை வைத்து, ஒப்பீட்டு முறையில் தொடங்க வேண்டும்.